ஆகஸ்ட் 14 அன்று கார்த்திகை இரண்டு முறை உதிக்கும்

நவம்பர் 15ஆம் தேதி சென்னையில் சூரியன் மாலை 5:39க்கு மறைகிறது. அடுத்த கால் மணி நேரத்துக்குள், 5:52க்கு, கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் அடிவானத்தைத் தாண்டி மேலே வருகிறது. அந்த நேரத்தில் வானம் இன்னும் வெளுப்பாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரிய ஆறரை, ஏழு மணி ஆகிவிடும். அதன் பிறகு இரவு முழுக்க நம்மோடு இருக்கும். நள்ளிரவு தாண்டி 12:17 மணிவாக்கில் தலைக்கு நேர் மேலே ஏறத்தாழ வந்து நின்று, விடியும் நேரத்தில் மேற்கே இறங்கும்.

இதே கூட்டத்தை ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 15 அன்று தேடியிருந்தால் இரவு 7:54 வரை காத்திருக்க வேண்டும். செப்டம்பர் 15 என்றால் 9:52. ஜூலை நடுவில் நள்ளிரவு தாண்டி 1:56. ஜூன் நடுவில் விடிகாலை 3:54. எந்த மாதத்தை எடுத்தாலும் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முந்துகிறது. நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிகச் சரியாகச் சொன்னால் 3 நிமிடம் 56 நொடி.

கார்த்திகை மட்டும் இப்படி முந்தவில்லை. ரோகிணி, திருவாதிரை, சித்திரை, சுவாதி, கேட்டை என்று எந்த நட்சத்திரத்தை எடுத்தாலும் நேற்றைய நேரத்தைவிட இன்று அதே 3 நிமிடம் 56 நொடி முன்னதாக எழுகிறது, அவ்வளவே முன்னதாக மறைகிறது. வானம் மொத்தமும் ஒரே சீராக நம் கடிகாரத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. அப்படியென்றால் நட்சத்திரங்களை விட்டுவிட்டு நம் கடிகாரத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்: அது எதை அளக்கிறது?

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். அது உண்மையில்லை. பூமி தன் அச்சில் ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி, சுற்றி முடிக்க எடுக்கும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 நொடி. தொலைவில் உள்ள ஒரு நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடந்து, மறுபடி அதே கோட்டைக் கடக்க ஆகும் நேரம் இதுதான். வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கற்பனைக் கோட்டைத்தான் இங்கே உச்சிக்கோடு என்கிறேன். இந்த 23 மணி 56 நிமிடம் 4 நொடிக்கு விண்மீன் நாள் என்று பெயர். 24 மணி நேரம் என்பது வேறு கணக்கு. சூரியன் உச்சிக்கு வந்து, மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரத்தின் ஆண்டுச் சராசரி அது. அது சூரிய நாள்.

இரண்டுக்கும் இடையே நான்கு நிமிடம் ஏன் வருகிறது? பூமி சுற்றிக்கொண்டே நகரவும் செய்வதால்தான். இன்று நண்பகலில் சென்னைக்கு நேராகச் சூரியன் நிற்கிறது. பூமி 360 டிகிரி சுற்றி முடிப்பதற்குள் அது தன் பாதையில் சுமார் 25 லட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர் போய்விடுகிறது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் சூரியன் நேற்றிருந்த திசையில் இல்லை. ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக, 0.986 டிகிரி, கிழக்கே ஒதுங்கியிருக்கிறது. வானத்தில் அது சூரியனின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. இந்த மிச்சத்தையும் பூமி சுற்றித் தீர்த்தால்தான் சென்னை மறுபடியும் சூரியனுக்கு நேராக வரும். ஒரு டிகிரி சுற்ற பூமிக்கு நான்கு நிமிடம் ஆகிறது. அந்த நான்கு நிமிடம்தான் இது.

நட்சத்திரங்கள் விஷயத்தில் இந்த மிச்சமே வருவதில்லை. கார்த்திகைக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பூமி ஆறு மாதத்தில் பாதையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 30 கோடி கிலோமீட்டர் நகர்ந்தாலும் அந்தத் தொலைவுக்கு அது ஒன்றுமே இல்லை. கூட்டம் இருக்கும் திசை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறாது. ஆகவே பூமி 360 டிகிரி சுற்றியதும் கார்த்திகை பழைய இடத்தில் நிற்கிறது, சூரியன் இன்னும் வரவில்லை. நம் கடிகாரமோ சூரியன் வரும்வரை காத்திருந்துதான் ஒரு நாள் என்று எண்ணுகிறது. கடிகாரம் அங்கே நான்கு நிமிடம் காத்திருப்பதால்தான் நட்சத்திரம் நான்கு நிமிடம் முன்னதாக வந்துவிட்டதுபோல நமக்குத் தோன்றுகிறது.

ஓர் ஆண்டு முழுக்க இந்த நான்கு நிமிடங்களைச் சேர்த்தால் சரியாக ஒரு நாள் வரும். 365.2422 சூரிய நாட்கள் கொண்ட ஓர் ஆண்டில் விண்மீன் நாட்கள் 366.2422. அதாவது பூமி ஆண்டுக்கு நாம் எண்ணுவதைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுகிறது. இந்தக் கூடுதல் ஒன்று எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றி வரும்போது முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் அடிவைத்து ஒரு சுற்று முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நவக்கிரகத்தின் கணக்கில் நீங்கள் திரும்பவே இல்லை, அது எப்போதும் உங்கள் முகத்துக்கு எதிரேதான் இருந்தது. கோயில் சுவர்களின் கணக்கில் பார்த்தால் நான்கு சுவர்களையும் வரிசையாகப் பார்த்து முழுதாக ஒரு முறை திரும்பியிருக்கிறீர்கள். வலம் வந்ததே அந்த ஒரு சுற்றைக் கொடுத்துவிட்டது. பூமிக்கும் இதுதான் நடக்கிறது. சூரியனைச் சுற்றி வந்ததாலேயே நட்சத்திரங்களின் கணக்கில் ஒரு சுற்று கூடிவிடுகிறது, சூரியனின் கணக்கில் அது சேர்வதில்லை. 24 மணி நேரத்தை 366.2422ஆல் வகுத்தால் 3 நிமிடம் 55.9 நொடி வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை கூடும் அந்தச் சுற்றை நாள்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் கிடைப்பது இதுவே.

இந்தக் கணக்கில் கூட்டலா கழித்தலா என்பது சுழலும் திசையைப் பொறுத்தது. பூமி தன்னைச் சுற்றுவதும் சூரியனைச் சுற்றுவதும் ஒரே திசையில். வெள்ளிக் கிரகம் எதிர்த்திசையில் சுழல்கிறது. அதன் ஒரு சுழற்சிக்கு நம் நாளில் 243 நாள் ஆகிறது. ஆனால் அங்கே ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகலுக்கு சுமார் 117 நாள்தான். அங்கே விண்மீன் நாள் சூரிய நாளைவிட நீளம்.

பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்ற பாடத்தை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவது நல்லது. அப்போது இன்று நண்பகல் 12 மணிக்கு உச்சியில் இருக்கும் சூரியன் நாளை 12 மணிக்கு உச்சிக்கு வந்திருக்காது. தினமும் நான்கு நிமிடம் தாமதமாகும். மூன்று மாதத்தில் ஆறு மணி நேரம். ஆறு மாதத்தில் நண்பகல் 12 மணி என்று கடிகாரம் காட்டும்போது வெளியே நடுராத்திரியாக இருக்கும். அப்படி ஆகவில்லை என்பதே 24 மணி என்பது சூரியனின் கணக்கு, பூமியின் முழுச் சுற்றுக் கணக்கு அல்ல என்பதற்குச் சான்று.

ஆண்டுக்கு ஒன்றாகக் கூடும் அந்தச் சுற்றைப் பிடித்துக் காட்ட முடியுமா? முடியும், அதுவும் ஒரே தேதியில். நவம்பர் 15இல் மாலை 5:52க்கு உதிக்கும் கார்த்திகை, அதற்குப் பின்னோக்கிப் போகப் போக நாளுக்கு 3 நிமிடம் 56 நொடி தள்ளி உதிக்கும் அல்லவா? 93 நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 14. அன்று சென்னையில் கார்த்திகை உதிப்பது இரவு 11:58க்கு. அதற்கு முந்தைய உதயம் எப்போது? 23 மணி 56 நிமிடம் முன்னால். அதாவது அதே ஆகஸ்ட் 14 அன்று, நள்ளிரவு முடிந்து இரண்டு நிமிடத்தில், 12:02க்கு. ஒரே தேதியில் கார்த்திகை இரண்டு முறை உதித்துவிட்டது. ஆண்டின் மற்ற எல்லாத் தேதியிலும் ஒரு முறைதான். 365 தேதிகள், 366 உதயங்கள்.

இது 2025க்கான கணக்கு. லீப் ஆண்டுச் சுழற்சியால் ஆண்டுக்கு ஆண்டு உதய நேரம் ஓரிரு நிமிடம் முன்பின்னாகும், ஊர் மாறினாலும் மாறும். எனவே சில ஆண்டுகளில் அந்தத் தேதி ஆகஸ்ட் 13ஆகவோ 15ஆகவோ இருக்கலாம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இப்படி ஒரு தேதி உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே தேதி அல்ல. சூரியனுக்கு மட்டும் அப்படி ஒரு தேதி கிடையாது, ஏனென்றால் தேதியையே சூரியனை வைத்துத்தான் எண்ணுகிறோம்.

மறுகோடியில் இன்னொரு காலம் இருக்கிறது, அதைத் தமிழ்நாட்டில் எல்லோரும் உடம்பால் அறிவார்கள். உதயம் முந்திக்கொண்டே போவதால் ஏப்ரல் மாலைகளில் கார்த்திகை மேற்கே தாழ்ந்து, சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே தானும் மறைந்துவிடும். மே மாதத்தில் அது சூரியனோடு சேர்ந்தே உதித்துச் சேர்ந்தே மறைவதால் கண்ணுக்குத் தெரியாது. மே 20, 21 வாக்கில் சூரியன் வானத்தில் கார்த்திகைக்கு மிக அருகில் இருக்கும். பஞ்சாங்கம் இந்த நாட்களைத்தான் அக்னி நட்சத்திரம் என்கிறது. சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, மே மாதத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை, சூரியன் பரணியின் பின்பாதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் தொடக்கம் வரை போகும் காலம் அது. கத்திரி வெயில் என்று நாம் புழுங்கும் நாட்களில் கார்த்திகைக் கூட்டம் பகலில் சூரியனுக்குப் பக்கத்திலேயே நம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. வெயில் அந்த நட்சத்திரத்தால் வருவதில்லை. மே மாதத்தில் சூரியன் நம் ஊர்களின் உச்சியை ஒட்டி வருவதால் வருகிறது. அந்த இடத்தில் பின்னணியில் இருப்பது கார்த்திகை, அவ்வளவுதான். ஜூன் நடுவில் அது விடியலுக்கு முன்னால் கிழக்கே மறுபடி தலைகாட்டும்.

கார்த்திகை தீபத்தன்று நடப்பது இதற்கு நேர்மாறு. அப்போது சூரியன் கார்த்திகைக்கு ஏறத்தாழ எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் தீபம் ஏற்றும்போது கார்த்திகை கிழக்கே எழுந்திருக்கும், முழுநிலவை நெருங்கிய நிலாவும் அந்தப் பக்கமே இருக்கும்.

நிலாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. இரண்டும் வானத்துப் பொருள்தானே, ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது, ஏன்? நிலா பூமியைச் சுற்றுவதால் நட்சத்திரங்களுக்கு நடுவே நாளுக்கு 13 டிகிரி கிழக்கே நகர்கிறது. சூரியன் ஒரு டிகிரிதான் நகர்கிறது. நிலாவைப் பிடிக்கப் பூமி இன்னும் அதிகம் சுற்ற வேண்டும். அசையாத நட்சத்திரம் முதலில் வருகிறது, ஒரு டிகிரி நகர்ந்த சூரியன் நான்கு நிமிடம் கழித்து வருகிறது, 13 டிகிரி நகர்ந்த நிலா இன்னும் 50 நிமிடம் கழித்து வருகிறது. ஒரே ஓட்டத்தில் மூன்று பேர் என்று பார்த்தால் குழப்பமில்லை.

இதுவரை சூரியன் தினமும் ஒரே அளவு நகர்வதுபோலப் பேசினோம். அது சராசரிதான். பூமியின் பாதை சற்று நீள்வட்டம். ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் வரும்போது பூமி வேகமாகப் போகிறது. தவிர, பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் வானத்தில் சூரியன் போகும் பாதையும் சாய்ந்திருக்கிறது. கிழக்கு நோக்கிய அதன் நகர்வு சில மாதங்களில் கூடுதலாகவும் சில மாதங்களில் குறைவாகவும் கணக்கில் விழுகிறது. விளைவு, டிசம்பர் 22ஐ ஒட்டி ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையே 24 மணி நேரமும் 30 நொடியும் ஆகிறது. செப்டம்பர் நடுவில் 24 மணிக்கு 21 நொடி குறைகிறது. நொடிக் கணக்குத்தானே என்று விட முடியாது, இது நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். சென்னையில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் 3 அன்று காலை 11:52, பிப்ரவரி 11 அன்று பிற்பகல் 12:23. அரை மணி நேர வித்தியாசம்.

ஆக, சூரியனைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்த நினைத்தால் நிலையில்லாத ஒன்றை நம்புகிறோம். நட்சத்திரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. டிசம்பரானாலும் செப்டம்பரானாலும் 23 மணி 56 நிமிடம் 4 நொடிதான். அதனால்தான் உலகம் முழுவதும் வானாய்வகங்கள் நேரத்தை நட்சத்திரங்களிடமிருந்து எடுத்து, சூரிய நேரமாக மாற்றி ஊருக்குச் சொல்லின. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய மெட்ராஸ் வானாய்வகமும் அதைத்தான் செய்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது, அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

அங்கே வேலை நடந்த விதம் தெரிந்துகொள்ளத் தக்கது. இப்படிப்பட்ட வானாய்வகங்களில் ஒரு தொலைநோக்கி இருக்கும். அது இடவலமாகத் திரும்பாது, உச்சிக்கோட்டில் மேலும் கீழும் மட்டுமே அசையும். அதன் பார்வைப் பரப்பில் மெல்லிய இழைகள் நிமிர்வாகக் கட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு ஊசல் கடிகாரம், அது விண்மீன் நேரத்தில் ஓடும்படி, அதாவது சாதாரணக் கடிகாரத்தைவிட நாளுக்கு 3 நிமிடம் 56 நொடி வேகமாக ஓடும்படி சரிசெய்யப்பட்டிருக்கும். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நட்சத்திரம் இழைகளை ஒவ்வொன்றாகக் கடக்கும்போது, பார்ப்பவர் கண்ணை நட்சத்திரத்திலும் காதைக் கடிகாரத்தின் டிக் ஒலியிலும் வைத்து, இரண்டு டிக்குக்கு நடுவே எத்தனையாவது பங்கில் கடந்தது என்று குறித்துக்கொள்வார். எல்லா இழைகளின் நேரத்தையும் சராசரி எடுத்தால் நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடந்த நேரம் கிடைக்கும். அது எந்த விண்மீன் நேரத்தில் கடக்க வேண்டும் என்பது பட்டியலில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் கடிகாரத்தின் பிழை. செப்டம்பர் 22 வாக்கில் நள்ளிரவில் விண்மீன் கடிகாரமும் சாதாரணக் கடிகாரமும் ஒன்றாக இருக்கும். அதிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து நான்கு நான்கு நிமிடமாகக் கழித்தால் ஊருக்கான நேரம் வந்துவிடும். இப்படிக் கிடைத்த மெட்ராஸ் நேரத்தில்தான் இந்திய ரயில்கள் பல ஆண்டுகள் ஓடின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்த அந்த நேரத்தின் இடத்துக்கு, 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரம் முன்னால் உள்ள இந்திய நேரம் வந்தது.

இன்று வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் டிஷ் ஆண்டெனாவும் இந்த நான்கு நிமிடத்தை நம்பியே இருக்கிறது. அது பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிய வேண்டுமானால் பூமியின் உண்மையான சுற்று நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே அதன் சுற்று நேரம் 24 மணி அல்ல, 23 மணி 56 நிமிடம் 4 நொடி. உயரம் 35,786 கிலோமீட்டர். யாராவது பாடப்புத்தகத்தை நம்பி 24 மணி நேரச் சுற்றில் விட்டிருந்தால் அது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் கூடுதல் உயரத்தில் போய், தினமும் ஒரு டிகிரி மேற்கே பின்தங்கும். சில நாட்களில் மாடியில் இருக்கும் டிஷ்ஷின் பார்வையை விட்டே நகர்ந்து, படம் போய்விடும்.

ஆனால் இந்த நான்கு நிமிடம் செய்த மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால், 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்ததைத்தான் சொல்வேன். கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளர் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அட்லாண்டிக்கைத் தாண்டிப் பேசும் ரேடியோ தொலைபேசியில் வரும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குக் கொடுத்த வேலை. ஹோம்டெல் என்ற ஊரில் ஒரு வயலில், பழைய ஃபோர்டு காரின் சக்கரங்கள் மேல் ஒரு நீண்ட ஆண்டெனாவைப் பொருத்தி, 20 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகச் சுழலவிட்டார். மூன்று வகை இரைச்சல் கிடைத்தது. ஒன்று அருகில் உள்ள இடிமழை. இன்னொன்று தொலைவில் உள்ள இடிமழை. மூன்றாவது, எதனோடும் சேராத, மெல்லிய, தொடர்ச்சியான ஒரு சீறல்.

அந்தச் சீறல் நாளுக்கு ஒரு முறை திசை மாறி மாறி வந்தது. அது உச்சத்தில் இருந்த திசை 1931 டிசம்பர் வாக்கில் சூரியன் இருந்த திசையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. சூரியனிலிருந்துதான் வருகிறது என்று நினைப்பது இயல்பு. ஜான்ஸ்கி பதிவை நிறுத்தாமல் தொடர்ந்தார். ஜனவரி, பிப்ரவரி என்று போகப் போக உச்சம் வரும் நேரம் சூரியனை விட்டு விலகி முந்திக்கொண்டே போனது, மாதத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம். ஓராண்டுப் பதிவைச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு உச்சங்களுக்கு இடையே 24 மணி இல்லை, 23 மணி 56 நிமிடம் இருந்தது.

அந்த ஒரு எண்ணே போதுமானதாக இருந்தது. தொழிற்சாலையிலிருந்து, மின்கம்பியிலிருந்து, ரயிலிலிருந்து, வேறு எந்த மனித வேலையிலிருந்து வந்தாலும் இரைச்சல் 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் திரும்பும், ஏனென்றால் மனிதர்கள் சூரியனைப் பார்த்து எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். சூரியனிலிருந்து வந்தாலும் 24தான். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை வருவது நட்சத்திரங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று மட்டுமே. 1933இல் ஜான்ஸ்கி தன் முடிவை வெளியிட்டார்: சீறல் பால்வீதியிலிருந்து, தனுசு ராசியின் பக்கமிருந்து வருகிறது. நம் விண்மீன் மண்டலத்தின் மையம் இருப்பது அங்கேதான். டிசம்பரில் சூரியன் ஏன் அவரைத் திசைதிருப்பியது என்பதும் இதிலேயே விளங்குகிறது: ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவில் சூரியன் அந்த மையத்துக்கு முன்னால்தான் போகிறது. பதிவை டிசம்பரோடு நிறுத்தியிருந்தால் அது சூரியனின் இரைச்சலாகவே ஏட்டில் போயிருக்கும். ரேடியோ வானியல் என்ற துறை பிறந்தது இப்படித்தான். விளங்காத ஒரு சைகை வந்தால் அது 24 மணிக்கு ஒரு முறை திரும்புகிறதா, 23 மணி 56 நிமிடத்துக்கா என்று முதலில் பார்ப்பது ரேடியோ வானியலாளர்களின் வழக்கம்.

நீண்ட காலத்தில் இந்தக் கணக்கும் சற்று நகரும். பூமியின் அச்சு பம்பரம்போல மெதுவாகத் தலையாட்டுவதால், ஆங்கிலத் தேதிகளை ஒப்பிட்டால் ஒரு நட்சத்திரத்தின் பருவம் ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் பின்தள்ளிப் போகிறது. நம் தமிழ் ஆண்டு நட்சத்திரங்களை வைத்து எண்ணப்படுவதால் கார்த்திகை மாதத்துக்கும் கார்த்திகை நட்சத்திரத்துக்கும் உள்ள உறவு அப்படியே நிற்கிறது. அதற்குப் பதிலாகப் பருவங்கள் விலகுகின்றன. சித்திரை முதல் தேதி சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்பு பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் நாளில் வந்தது, இப்போது ஏப்ரல் 14இல் வருகிறது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் காணக்கூடிய மாற்றம் ஒரே ஒரு நாள்தான்.

நான்கு நிமிடத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். கருவி எதுவும் வேண்டாம், ஒரு நேரான சுவர் விளிம்பு போதும். பத்து மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கட்டடத்தின் செங்குத்து விளிம்பு, தெற்கில் இருந்தால் வசதி. பிரகாசமான ஒரு நட்சத்திரம் அந்த விளிம்புக்குப் பின்னால் மறையும் நொடியைப் போன் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் ஒரு புள்ளி என்பதால் மங்காமல் சட்டென்று மறையும். மறுநாள் அதே இடத்திலிருந்து மறுபடி பாருங்கள். இங்கே பிழை வருவது கடிகாரத்தால் அல்ல, கண்ணின் இடத்தால்தான். பத்து மீட்டர் தொலைவு விளிம்புக்குத் தலை பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால்கூட 14 நொடி தவறிவிடும். மாடிச் சுவரில் ஒரு குறி போட்டு அதில் நெற்றியையோ கன்னத்தையோ ஒட்டவைத்துப் பார்த்தால் இதைத் தவிர்க்கலாம். ஓர் இரவு வித்தியாசத்தை நம்பாமல் ஒரு வாரம் விட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது: ஏழு நாளில் 27 நிமிடம் 31 நொடி முந்த வேண்டும். அதே அளவு கண் பிழை இருந்தாலும் நாள் ஒன்றுக்கு இரண்டு நொடிக்குமேல் போகாது. இப்படிக் கவனமாகப் பார்த்தும் விடை ஒன்றிரண்டு நிமிடம் தள்ளிப் போனால், நீங்கள் பார்த்தது நட்சத்திரமில்லை. வியாழன், செவ்வாய், வெள்ளி போன்ற கிரகங்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே தாமாகவும் நகர்வதால் அவற்றின் முந்துதல் வாரத்துக்கு வாரம் மாறும். மினுக்காமல் நின்று ஒளிரும் எதையும் இந்த அளவைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.